பகுதி மாறும் இடத்தில்: தொகுத்துச் சொல்வதா, காரணத்தால் கோப்பதா?

தனுஷ்கோடி பற்றிய ஒரு மணிநேர ஒலி ஆவண நிகழ்ச்சிக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். 1964 டிசம்பர் புயல் பகுதி முடிகிறது. அடுத்தது பாம்பன் பாலத்தைச் சீரமைத்த கதை.

தொகுப்பு முறையில் எழுதினால், "இதுவரை புயலைப் பார்த்தோம், இனி பாலத்தைப் பார்ப்போம்" என்று வரும். தெளிவுதான். ஆனால் பாலம் ஏன் இப்போது வருகிறது என்பதற்குப் பதில் இல்லை. கேட்பவர் அங்கேயே நிறுத்திவிடலாம்.

காரண முறையில்: "புயல் ரயிலை மட்டும் கொண்டுபோகவில்லை. தீவுக்கு ரயில் வரும் ஒரே வழியான பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்களும் கடலில் கிடந்தன." 46 நாளில் முடிந்த சீரமைப்புக்கு இது நேராக இட்டுச்செல்கிறது. பழைய பகுதியின் சொல் ஒன்று, புதியதன் பெயர் ஒன்று, இரண்டும் அடுத்தடுத்து வருவதால்தான் இழை அறுவதில்லை. அங்கே "அது" என்று எழுதாதீர்கள். காதால் கேட்பவருக்கு எது என்று தெரியாது.

என் தேர்வு காரண முறைதான். ஆனால் கதை 1914-க்கு, பாலம் திறந்த ஆண்டுக்குப் பின்னோக்கிப் போனால் காரணம் மட்டும் போதாது. அங்கே ஒரு வரித் தொகுப்பும், முதல் வாக்கியத்திலேயே ஆண்டும் இடமும் வேண்டும்.

சரி, எப்படிச் சோதிப்பது? மாற்றத்துக்கு முந்தைய நிமிடத்திலிருந்து ஒருவரைக் கேட்கவைத்து, "இப்போது எந்த ஆண்டு, யாரைப் பற்றிப் பேசுகிறோம்?" என்று கேளுங்கள். தடுமாறினால் அந்த வரியைத் திருத்துங்கள்.