தொங்கும் கதவுக்கு நீள ஸ்குருவா, மர ஆப்பா?

கதவின் பூட்டுப் பக்கம் தாழ்ந்து தரையில் உரசினால், பாதி திறந்து வைத்துக் கைப்பிடியைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பாருங்கள். மேல் கீலின் தகடு நிலையிலிருந்து அசைந்தால் ஸ்குரு ஓட்டை தளர்ந்திருக்கிறது. தகடு அசையாமல் நடு ஆணி மட்டும் ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது. புதுக் கீல்தான் வழி.

ஓட்டை தளர்ச்சிக்கு நீள ஸ்குரு பத்து நிமிட வேலை. ஒன்றேகால் அங்குலத்தைக் கழற்றி, அதே கனத்தில் இரண்டு அங்குலம் போடலாம். கனம் கூட்டினால் தலை கீலின் குழிக்குள் அமராமல் துருத்தி நிற்கும், கதவு முழுதாக மூடாது. உள்மரம் உறுதியாக இருந்தால்தான் இது நிற்கும்.

திருநெல்வேலிப் பக்கத்துப் பழைய வீடுகளில் நிலை கரையான் தின்றோ, பலமுறை கீல் மாற்றியோ சல்லடையாக இருந்தால் நீள ஸ்குருவும் சும்மா சுற்றும். அங்கே ஆப்புதான். கதவுக்கு அடியில் கட்டை கொடுத்துத் தாங்கி, ஓட்டையை 10 மி.மீ. அளவுக்குத் துளைத்து, தேக்குக் குச்சியில் மரப்பசை தடவி இறுக அடியுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மட்டமாகச் சீவி, 3 மி.மீ. துளை போட்ட பிறகே ஸ்குரு. துளை போடாமல் முறுக்கினால் ஆப்பு பிளந்துவிடும்.

இரண்டுக்குப் பிறகும் சற்று உரசினால், கீழ்க் கீலுக்குப் பின்னால் ஒரு அட்டைத் துண்டு வையுங்கள். பூட்டுப் பக்கம் மேலேறும். ஐப்பசி மழையில் மரம் ஊதியிருக்கும்போது மட்டும் இழைப்புளியை எடுக்காதீர்கள், சித்திரையில் இடைவெளி விழும்.