இயர்லி ஆஃபரா, டிலேய்ட் ஆஃபரா? சிப் அழைப்பில் எஸ்டிபி எப்போது போக வேண்டும்

ஐபி தொலைபேசியில் ஓர் அழைப்பை இணைக்க சிப் நெறிமுறைக்கு வழக்கமாக ஐந்து செய்திகள் போதும்: `INVITE`, `100 Trying`, `180 Ringing`, `200 OK`, `ACK`. இயர்லி ஆஃபரிலும் டிலேய்ட் ஆஃபரிலும் இதே ஐந்துதான், இதே வரிசைதான். "எனக்கு வரும் குரலை இந்த முகவரிக்கு, இந்தப் போர்ட்டுக்கு அனுப்பு, எனக்கு இந்த கோடெக்குகள் தெரியும்" என்று சொல்லும் எஸ்டிபி எந்தச் செய்தியில் ஏறுகிறது என்பதில்தான் வித்தியாசம். அழைப்பவர் அதை `INVITE`-இலேயே வைத்தால் இயர்லி ஆஃபர். வெறும் `INVITE` அனுப்பிவிட்டு, எதிர்முனை தன் எஸ்டிபியை முதலில் தரட்டும் என்று காத்திருந்தால் டிலேய்ட் ஆஃபர். 2002-இல் வந்த ஆர்எஃப்சி 3261 இரண்டையும் அனுமதிக்கிறது. சேவை நிறுவனத்தை நோக்கிப் போகும் ட்ரங்க் என்றால் நான் இயர்லி ஆஃபர் பக்கம்தான். காரணம், ஒரு அழைப்பைச் செய்தி செய்தியாகப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

192.0.2.10 என்ற முகவரியில் இருக்கும் கவிதா, 198.51.100.20-இல் இருக்கும் முருகனை அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாக்கெட் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போக 150 மில்லி விநாடி ஆகிறது. இயர்லி ஆஃபரில் கவிதாவின் `INVITE`-க்குள் இப்படி ஒரு பகுதி இருக்கும்:

```
c=IN IP4 192.0.2.10
m=audio 40000 RTP/AVP 8 0
a=rtpmap:8 PCMA/8000
a=rtpmap:0 PCMU/8000
```

40000 என்பது கவிதா குரலைக் கேட்கத் திறந்து வைத்திருக்கும் போர்ட். 8, 0 இரண்டும் ஜி.711-இன் இரு வகைகள். முதலில் இருப்பதற்கு முன்னுரிமை. இடையில் இருக்கும் சர்வர் `100 Trying` என்று சொல்லும். அதற்கு "வந்து சேர்ந்தது, திரும்ப அனுப்பாதே" என்பதற்கு மேல் பொருள் இல்லை. முருகனின் போன் மணி அடிக்கத் தொடங்கியதும் `180 Ringing` வரும். அவர் எடுத்ததும் `200 OK`. அதில் முருகனின் முகவரி, போர்ட், இரண்டு கோடெக்குகளில் அவர் தேர்ந்தது எல்லாம் இருக்கும். கவிதாவின் `ACK` வெறும் ஒப்புகைதான், அதில் எஸ்டிபி கிடையாது.

டிலேய்ட் ஆஃபரில் அதே `INVITE`-இன் கடைசியில் `Content-Length: 0` என்று இருக்கும். மணி அடிக்கும், முருகன் எடுப்பார். அப்போது `200 OK`-இல் முருகனின் கோடெக் பட்டியல் போகும், கவிதாவின் பதில் `ACK`-இல் வரும். அதாவது அழைப்பை எடுத்த பிறகும், கவிதாவுக்கு எந்த முகவரியில் குரலை அனுப்புவது என்று முருகனின் போனுக்குத் தெரியாது.

இப்போது கடிகாரத்தைப் பார்ப்போம். முருகன் எடுத்த நொடியைப் பூஜ்யம் என்று கொள்ளலாம். இயர்லி ஆஃபரில் அவருடைய போனுக்கு 40000 போர்ட் ஏற்கெனவே தெரியும் என்பதால், அவர் சொல்லும் "ஹலோ" உடனே கிளம்பி 150-ஆவது மில்லி விநாடியில் கவிதா காதுக்குப் போகும். டிலேய்ட் ஆஃபரில் `200 OK` போக 150, `ACK` திரும்பி வர 150, அதற்குப் பிறகுதான் குரல் கிளம்பும். கவிதாவுக்குக் கேட்பது 450-இல். அதற்குள் முருகன் சொன்ன "ஹலோ"வின் முன்பாதி எங்கும் அனுப்பப்படாமல் போய்விட்டது. கவிதாவின் குரலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இரண்டு முறையிலும் அது `200 OK` வந்த பிறகுதான் கிளம்ப முடியும். "எடுத்தவர் பேச்சின் தொடக்கம் வெட்டுப்படுகிறது, அழைத்தவர் பேச்சு சரியாக இருக்கிறது" என்று புகார் வந்தால், முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

`ACK` தொலைந்துவிட்டால் வேறுபாடு இன்னும் பெரிது. `ACK` கிடைக்காத முருகனின் போன், `200 OK`-ஐ அரை நொடி கழித்து மறுபடி அனுப்பும். பிறகு இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போய், 4 நொடிக்கு ஒருமுறை என்ற அளவில் நிற்கும். இப்படி 32 நொடி வரை பார்த்துவிட்டு `BYE` அனுப்பி முடித்துக்கொள்ளும். முருகனின் `200 OK`-இல் உள்ள `Contact` வரியில் நேட்டுக்குப் பின்னால் இருக்கும் தனி முகவரி அப்படியே வந்துவிட்டால் `ACK` ஒருபோதும் போய்ச் சேராது. களத்தில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. இயர்லி ஆஃபரில் இருவரும் நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், 32 நொடியில் அழைப்பு அறுந்துவிடும். டிலேய்ட் ஆஃபரில் கவிதாவின் முகவரியே அந்த `ACK`-இல்தான் இருக்கிறது. அதனால் முருகனின் குரல் முதல் நொடியிலிருந்தே வராது, 32 நொடியில் அழைப்பும் போய்விடும். வேர்க்காரணம் ஒன்று, வெளியில் தெரியும் அறிகுறி இரண்டு. இது தெரியாதவர் முதலாவதை டைமர் சிக்கல் என்றும் இரண்டாவதை ஃபயர்வால் சிக்கல் என்றும் எண்ணித் தனித்தனியாக அலைவார்.

இருவருக்கும் பொதுவான கோடெக் இல்லை என்றால்? இயர்லி ஆஃபரில் முருகனின் போன் பட்டியலைப் பார்த்து, மணி அடிக்கும் முன்பே `488 Not Acceptable Here` என்று மறுத்துவிடலாம். டிலேய்ட் ஆஃபரில் அந்த விஷயம் தெரியவரும்போது முருகன் போனை எடுத்திருப்பார். வந்த `200 OK`-ஐ மறுக்கவும் கவிதாவுக்கு வழியில்லை. விதிப்படி முறையான பதிலோடு `ACK` அனுப்பிவிட்டு உடனே `BYE` அனுப்ப வேண்டும். முருகனுக்கு அது எடுத்ததும் துண்டான அழைப்பு.

அப்படியென்றால் டிலேய்ட் ஆஃபர் எதற்கு? இடையில் நின்று இரண்டு பேரை இணைக்கும் சர்வருக்குச் சொந்தமாகக் குரல் போர்ட் இல்லை. அது முதல் ஆளுக்கு வெறும் `INVITE` அனுப்பி, அவர் தரும் எஸ்டிபியை இரண்டாவது ஆளிடம் கொண்டுபோகிறது. இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தினால் இரண்டு போன்களும் அடிக்கும் வசதி இப்படித்தான் நடக்கும். சிஸ்கோ கால்மேனேஜரின் சிப் ட்ரங்க் இயல்பாக டிலேய்ட் ஆஃபரில் இருப்பதற்கும் இதை ஒத்த காரணமே: அழைக்கும் போனின் குரல் போர்ட் என்ன என்பது அதற்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்திருக்காது. அங்கே இயர்லி ஆஃபரைக் கட்டாயமாக்கினால், தெரியாத இடத்தில் எம்டிபி என்ற இடைநிலை ஊடகப் புள்ளியை நுழைத்து அதன் போர்ட்டைக் கொடுக்கும். அப்படிப்பட்ட ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு எம்டிபி செலவாகும், கோடெக் தேர்வும் சுருங்கலாம். அலுவலகத்துக்குள்ளேயே இரண்டு கால்மேனேஜர்களை இணைக்கும் ட்ரங்க்கில் டிலேய்ட் ஆஃபரை அப்படியே விட்டுவிடலாம். அங்கே தாமதம் சில மில்லி விநாடிகள்தான், "ஹலோ" வெட்டுப்படுவது காதுக்கே தெரியாது.

வெளியே போகும் இடத்தில் மாற்றுவதற்கு எளிய வழி, எல்லையில் இருக்கும் சிஸ்கோ க்யூப் போன்ற கருவியிடம் அந்த வேலையைக் கொடுப்பது. உள்ளிருந்து வரும் வெறும் `INVITE`-இல் தன் சொந்த முகவரியோடு எஸ்டிபியை அதுவே சேர்த்து வெளியே அனுப்பும்:

```
voice service voip
 sip
  early-offer forced
```

மாற்றியபின் சோதிக்க `sngrep` போதும். எஸ்டிபி உள்ள செய்திகளை அது `INVITE (SDP)` என்று காட்டும். வயர்ஷார்க்கில் என்றால் கீழே உள்ள வடிகட்டியைப் போட்டு, வெளிப்பக்கத்தில் ஒரு வரியும் வரவில்லை என்று உறுதி செய்யுங்கள்.

```
sip.Method == "ACK" && sdp
```

அழைப்பு தொடங்கும்போது மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஒருமுறை ஹோல்டில் போட்டு எடுத்து, ஒருமுறை வேறொருவருக்கு மாற்றியும் பாருங்கள். நடு அழைப்பில் வரும் `INVITE` எஸ்டிபி இல்லாமல் போவது சாதாரணம், தொடக்க அழைப்புக்கான அமைப்பு எல்லா இடங்களிலும் அதைத் திருத்துவதில்லை.