ஒரே பிரிண்டருக்கு இரண்டு டிரைவர்: பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் அனுபவம்

மதுரை சிம்மக்கல் பக்கம் டிடிபி கடை நடத்துகிறேன். காலையில் ஒத்தக்கடை ஹைகோர்ட் கிளைக்குப் போகும் மனுக்கள், மதியத்துக்கு மேல் கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பிதழ். எல்லாவற்றுக்கும் ஒரே லேசர் பிரிண்டர்தான். பக்கத்தை எப்படி அச்சிட வேண்டும் என்று பிரிண்டருக்குச் சொல்லும் மொழிகளில் பிசிஎல், போஸ்ட்ஸ்கிரிப்ட் இரண்டும் அதற்குத் தெரியும். அதனால் விண்டோஸில் ஒரே ஐபி முகவரிக்கு இரண்டு டிரைவர்களைப் போட்டு, தனித்தனிப் பெயர் கொடுத்திருக்கிறேன். பல வருடமாக இந்த ஏற்பாடுதான்.

மனு, பில், எக்ஸெல் தாள் என்றால் யோசிக்காமல் பிசிஎல். பெரிய மனுவானாலும் முதல் பக்கம் சட்டென்று வந்துவிடும்.

வித்தியாசம் தெரிவது அழைப்பிதழில்தான். பேஜ்மேக்கரில் வைக்கும் இபிஎஸ் படத்துக்குள் பெரும்பாலும் இரண்டு விஷயம் இருக்கும். ஒன்று, படத்தை வரைவதற்கான போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகள். மற்றொன்று, திரையில் காட்டுவதற்கான மங்கலான முன்தோற்றப் படம். பிசிஎல் வழியாக அனுப்பினால் அந்தக் கட்டளைகளுக்கு வேலையே இல்லை, முன்தோற்றம்தான் தாளில் விழும். கோபுரப் படம் வைத்த ஓர் அழைப்பிதழில் எழுத்தெல்லாம் கூர்மையாக வந்தது. கோபுரத்தின் விளிம்பு மட்டும் படிக்கட்டாக இருந்தது. எழுத்து நன்றாக இருந்து படம் மட்டும் கெட்டிருந்தால் டோனரைச் சந்தேகிக்க வேண்டாம். அதே ஃபைலை போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவருக்கு மாற்றிக் கொடுத்ததும் கோடு கோடாகத் தெளிந்துவிட்டது. சிவகாசி அச்சகத்துக்கு அனுப்பும் முன் வாடிக்கையாளரிடம் காட்டும் புரூஃப் இப்படித்தான் இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

போஸ்ட்ஸ்கிரிப்டிலும் தொல்லை உண்டு. ஸ்கேன் செய்த கோலத்தை டிரேஸ் செய்து கோடுகளாக மாற்றினால், அந்தக் கோடுகளை வரையறுக்கும் புள்ளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிடும். பிரிண்டரின் மெமரி தாங்காமல் அந்தப் பக்கம் பாதியில் நின்றுவிடும், அல்லது வராமலே போகும். டிரைவரின் அட்வான்ஸ்டு பகுதியில் `Send PostScript Error Handler` என்பதை `Yes` ஆக்கி வையுங்கள். என்ன பிழை என்று ஒரு தாளில் அச்சாகி வரும். அதில் `limitcheck` என்றிருந்தால் பெரும்பாலும் படத்தின் சிக்கல்தான் காரணம். கோரல்டிராவில் புள்ளிகளைக் குறைத்தால் சரியாகிவிடும். பக்கம் பக்கமாக `%!PS-Adobe-3.0` என்று தொடங்கும் எழுத்துகள் கொட்டினால் அது வேறு கதை: போஸ்ட்ஸ்கிரிப்ட் கட்டளைகளைப் பிரிண்டர் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொண்டுவிட்டது. உடனே வேலையை ரத்து செய்துவிட்டு, பிரிண்டர் மெனுவில் மொழி `Auto` என்று இருக்கிறதா பாருங்கள்.

போஸ்ட்ஸ்கிரிப்ட் இல்லாத பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கும் வழி இருக்கிறது. பக்கத்தை டிஸ்டில்லர் என்ற மென்பொருள் மூலம் பிடிஎஃப் ஆக்கினால் இபிஎஸ் கட்டளைகள் அங்கேயே படமாகிவிடும். அப்புறம் அதை பிசிஎல் டிரைவரில் அடித்தாலும் விளிம்பு கூர்மையாகவே வரும். ஆபீஸ் வேலை மட்டும் என்றால் போஸ்ட்ஸ்கிரிப்டுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். டிசைன் வேலையும் உண்டு என்றால், வாங்கும் முன் உங்கள் இபிஎஸ் வைத்த பக்கம் ஒன்றைக் கடையிலேயே அடித்துப் பாருங்கள்.