F2 விசையைச் சரிசெய்கிறேன் என்று 39 டாலர் பிடுங்கிவிட்டார்கள், ஏமாறாதீர்கள்

இன்று நடந்தது. கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

புது லேப்டாப்பில் எக்செல் திறந்து, ஒரு கட்டத்தைத் திருத்த F2 அழுத்தினால் திரை வெளிச்சம் குறைகிறது. F4 அழுத்தினால் சத்தம் கூடுகிறது. தீர்வு தேடியபோது, தொலைவிலிருந்தே கணினியைச் சரிசெய்து தரும் இணையச் சேவை ஒன்று கண்ணில் பட்டது. சாட்டில் வந்தவர், "கீபோர்டு டிரைவர் கெட்டுப்போயிருக்கு மேடம், பத்து நிமிஷ வேலை" என்றார். கட்டணம் 39 டாலர். அவர் சொன்ன மென்பொருளை நிறுவி அனுமதி கொடுத்தேன்.

டிரைவரை நீக்கினார், திரும்பப் போட்டார், ரெஜிஸ்ட்ரியில் ஏதேதோ மாற்றினார். பிறகு என் எக்செலிலேயே F2 அழுத்திக் காட்டினார். கட்டம் திறந்தது! அதைப் பார்த்துத்தான் நம்பிப் பணம் கட்டினேன். அவர் இணைப்பைத் துண்டித்ததும் நான் அழுத்தினேன். மறுபடியும் வெளிச்சம்தான் குறைந்தது.

அவர் அழுத்தியது அவருடைய கீபோர்டை. அங்கிருந்து வந்தது வெறும் F2. என் கீபோர்டுக்கும் அந்தச் சோதனைக்கும் சம்பந்தமே இல்லை. F2-ஆ வெளிச்சமா என்பதைப் பெரும்பாலான விண்டோஸ் லேப்டாப்களில் உள்ளே இருக்கும் கீபோர்டு கன்ட்ரோலர் சிப்பே முடிவுசெய்து, அதற்குப் பிறகுதான் விண்டோஸுக்கு அனுப்புகிறது. டிரைவரை எத்தனை தடவை மாற்றினாலும் அது மாறாது. விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போகலாம் என்றால், ரீஸ்டார்ட் ஆனதுமே அவருடைய இணைப்பு அறுந்துவிடும். அவர் செய்த எதனாலும் சரியாகவே முடியாத வேலைக்கு 39 டாலர்!

திரும்பக் கேட்டால், "எங்க பக்கம் டெஸ்ட் ஓகே மேடம், டிக்கெட் க்ளோஸ் ஆயிடுச்சு." இன்னொருவர், "அப்போ ஹார்டுவேர் பிரச்சினை, கீபோர்டையே மாத்தணும்." மூன்றாவது ஆள் பதிலே போடவில்லை. 39 டாலர் போனது போனதுதான்.

என் கீபோர்டில் எந்தக் கோளாறும் இல்லை. Esc விசையில் சின்னதாக ஒரு பூட்டுப் படமும் Fn என்ற எழுத்தும் இருக்கிறது. Fn-ஐப் பிடித்துக்கொண்டு Esc-ஐ ஒருமுறை தட்டினேன், அவ்வளவுதான். F2 கட்டத்தைத் திறக்கிறது. வெளிச்சம் குறைக்க வேண்டுமானால் இப்போது Fn-உடன் சேர்த்து F2.

அவசரமாகச் சிலது மட்டும்:

முதலில் Fn + Esc தட்டிப் பாருங்கள். லெனோவோ, டெல் மாடல்கள் பலவற்றில் இதுவே போதும். நடக்காவிட்டால் பயாஸ். எச்பியில் இயக்கியவுடன் F10 தட்டி உள்ளே போய், Action Keys Mode என்பதை Disabled ஆக்கிச் சேமியுங்கள். லெனோவோ சிலவற்றில் அதன் பெயர் Hotkey Mode.

சரியாகிவிட்டது என்று யாராவது தொலைவிலிருந்து காட்டினால், பணம் கட்டுவதற்கு முன் உங்கள் விரலால் உங்கள் விசையை அழுத்திப் பாருங்கள்.

அவர்கள் நிறுவச் சொன்ன மென்பொருளை உடனே நீக்குங்கள். நான் நீக்கிவிட்டேன். அந்த 39 டாலருக்கு கார்டு வங்கியில் புகார் எழுதிக்கொண்டிருக்கிறேன்.