பத்து நாள் கழிவு என்று பில்லில் எழுதுபவர்கள் கவனத்துக்கு

கோவையில் பம்ப்செட் உற்பத்தியாளர்களுக்கு போல்ட், நட்டு வழங்கும் சிறு தொழில் எங்களுடையது. எங்களிடம் சரக்கு வாங்கும் ஒரு நிறுவனம் கேஷ் டிஸ்கவுண்ட் என்ற பெயரில் எங்கள் பணத்தைப் பிடித்துக்கொண்டது. அதே வழியில் இன்னொருவர் பணம் போகக்கூடாது என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்கள் பில்லின் அடியில் இருந்தது, இந்தத் தொழிலில் எல்லோரும் அச்சடிக்கும் வரிதான்: "10 நாட்களுக்குள் பணம் செலுத்தினால் 2% கழிவு. கெடு 30 நாள்." ஜூன் 3 தேதியிட்ட பில்லில் சரக்கு மதிப்பு 2,00,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி 36,000, மொத்தம் 2,36,000. சரக்கு மறுநாளே அவர்கள் ஸ்டோருக்குப் போய்விட்டது. பணம் வந்ததோ ஜூன் 27 அன்று. அதுவும் 4,720 ரூபாய் குறைத்து, 2,31,280 மட்டும்.

கேட்டதற்கு அவர்களின் கணக்குப் பிரிவு மேலாளர் சொன்ன பதில்: "எங்கள் தரப் பரிசோதனை ஜூன் 18 அன்றுதான் முடிந்தது. அங்கிருந்து பத்து நாள் எண்ணுங்கள், சரியாகத்தான் இருக்கிறது." பரிசோதனையை எப்போது முடிப்பது என்பது அவர்கள் கையில் இருக்கிறது. அப்படியென்றால் கழிவுக்கான கடைசி நாளையும் அவர்களே குறித்துக்கொள்கிறார்கள். இதை என்னால் நியாயம் என்று ஏற்க முடியவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 2,00,000-க்கு 2% என்றால் 4,000 தான். அவர்கள் வரியையும் சேர்த்த தொகைக்குக் கழிவு எடுத்துக்கொண்டதால் 720 ரூபாய் கூடுதல். நாங்கள் அரசுக்குக் கட்டும் வரி 36,000 முழுவதும் கட்டியாக வேண்டும். அவர்களோ அந்த 36,000-ஐயும் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த 720 எங்கள் கையிலிருந்துதான் போகிறது.

இதன் பிறகு பில்லின் அடியிலிருந்த அந்த வாசகத்தைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு பில்லிலும் தேதியும் தொகையும் போட்டு இப்படி எழுதுகிறோம்:

"ஜூன் 13 இரவுக்குள் எங்கள் வங்கிக் கணக்கில் 2,32,000 ரூபாய் வரவாகிவிட்டால் இந்த பில் முழுவதும் தீர்ந்தது, உங்களுக்கு மிச்சம் 4,000 ரூபாய். அதற்குப் பிறகு செலுத்த வேண்டியது 2,36,000; கடைசி நாள் ஜூலை 3. சரக்கில் குறை இருந்தால் அந்தப் பொருளின் மதிப்பையும் அதற்கான வரியையும் மட்டும் நிறுத்திவைத்து, மீதியை ஜூன் 13-க்குள் செலுத்தினால் அந்த மீதிக்கு உரிய கழிவு உண்டு. ஜூன் 13-க்குப் பிறகு குறைத்து அனுப்பினால், குறைத்த தொகை உங்கள் கணக்கில் பாக்கியாகவே நிற்கும்."

தேதி எழுதிவிட்டால் எந்த நாளிலிருந்து எண்ணுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. தொகை எழுதிவிட்டால் வரிக்கு மேல் கழிவா, இல்லையா என்ற வாதமும் எழாது. "செலுத்தினால்" என்பதை "வரவாகிவிட்டால்" என்று மாற்றியதற்கும் காரணம் உண்டு. ஜூன் 13 தேதியிட்ட காசோலையை 20-ஆம் தேதி கொடுத்துவிட்டு, "தேதியைப் பாருங்கள்" என்பவர்களும் இருக்கிறார்கள்.

நிபந்தனை இறுகினால் வாங்குபவர் விலகிவிடுவார் என்று பயப்பட வேண்டாம். 2% என்று படிப்பவருக்கு அது சிறியதாகத் தெரியும். 4,000 ரூபாய் என்று படித்தால் கணக்குப் போடுவார். பில்லோடு இணைக்கும் கடிதத்தில் அந்தக் கணக்கையும் நாங்களே போட்டுக் காட்டுகிறோம். 12% வட்டியில் ஓவர்டிராப்ட் எடுத்து 2,32,000-ஐ இருபது நாள் முன்னதாகக் கட்டினாலும் வட்டி ஏறத்தாழ 1,525 ரூபாய்தான். அது போக 2,475 மிச்சம். இதைப் படித்துவிட்டு இரண்டு வாடிக்கையாளர்கள் முன்னதாகவே கட்டத் தொடங்கியிருக்கிறார்கள்.

கழிவு கொடுக்கும் நாமும் அதே கணக்கைப் போட வேண்டும். இருபது நாள் முன்னதாகப் பணம் வர 4,000 விடுவது ஆண்டு வட்டியில் 31 சதவீதத்துக்கு மேல். முப்பதாம் நாள் ஒழுங்காகக் கட்டுபவருக்கு இது அதிகம். அவருக்கு 1% போதும், ஓவர்டிராப்ட் வட்டியைவிட அதுவும் அவருக்கு லாபம்தான். வழக்கமாக அறுபது நாள் இழுப்பவர் பத்தாம் நாள் கட்டினால் நமக்கு ஆகும் செலவு 12.6% அளவில் நிற்கும். எங்கள் கையில் பணம் இறுகியிருக்கும்போது அவருக்கு 2% கொடுக்கலாம் என்பது என் கருத்து.

பில்லை மாற்றினால் மட்டும் போதாது. அந்த நிறுவனத்தின் பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தில், பணம் செலுத்தும் காலம் தரப் பரிசோதனை முடிந்த நாளிலிருந்தே தொடங்கும் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. இப்போது கழிவு நிபந்தனையை விலைப்புள்ளியிலேயே எழுதி, ஆர்டரிலும் அதே வாசகம் வந்த பிறகுதான் சரக்கை ஏற்றுகிறோம். குறைத்துப் பணம் வந்தால் அன்றைக்கே பாக்கி விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். ஒரு முறை பேசாமல் விட்டால், அடுத்த பில்லில் "போன தடவை ஒப்புக்கொண்டீர்களே" என்பார்கள். எங்களிடமும் அப்படிச் சொல்லிப் பார்த்தார்கள், மின்னஞ்சலைக் காட்டினோம். அந்த 4,720 இன்னும் வரவில்லை, அவர்கள் பெயரில் பாக்கியாகவே வைத்திருக்கிறோம்.