பேட்டரி விளக்குக்குள்ளா, தனியாகவா, வேண்டவே வேண்டாமா? லிஸ்டிங்கில் எதைக் காட்டுவது

காட்பாடிப் பக்கம் கரிகிரியில் செய்கிற மண் ஜாடிக்குள் எல்இடி பொருத்தி, சார்ஜ் செய்யும் மேசை விளக்காக ஆன்லைனில் விற்கிறேன். ஆர்டரில் பாதி வட மாநிலங்களிலிருந்து வருகிறது. வேலூரிலிருந்து பெட்டி சென்னைக்குப் போய் அங்கே விமானம் ஏறினால்தான் சொன்ன தேதிக்குப் போய்ச் சேரும். ஏறுமா ஏறாதா என்பதை உள்ளே இருக்கும் ஒரே ஒரு லித்தியம் செல்லும், அதைப் பற்றி லிஸ்டிங்கில் நான் எழுதியதும்தான் முடிவு செய்கின்றன.

எனக்கு இருந்த வழிகள் மூன்று. செல்லை விளக்குக்குள்ளேயே பொருத்தி அனுப்பலாம். அதே பெட்டியில் தனியாக வைத்து அனுப்பலாம். செல்லே இல்லாமல், வாங்குபவர் கடையில் ஏஏ பேட்டரி வாங்கிப் போட்டுக்கொள்கிற மாதிரி செய்யலாம். பேட்டரி இருப்பதையே சொல்லாமல் ‘மண் விளக்கு’ என்று மட்டும் எழுதுவதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை. அது எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும், தெரியாமல் போனால் இன்னும் ஆபத்து.

முதலில் நான் எடுத்தது இரண்டாவது வழி. செல்லைக் கழற்றி ஒரு பையில் போட்டு விளக்கின் பக்கத்தில் வைத்தால் பாதுகாப்பு என்று நினைத்தேன். லிஸ்டிங்கில் Lithium battery packaging என்ற இடத்தில் Batteries contained in equipment என்பதைத் தேர்ந்திருந்தேன். அதாவது செல் கருவிக்குள் இருக்கிறது என்று எழுத்தில் சொல்லிவிட்டு, பெட்டியில் வெளியே வைத்திருக்கிறேன். கௌகாத்திக்குப் போக வேண்டிய பெட்டியின் எக்ஸ்ரேயில் ஜாடிக்கு வெளியே ஒரு உருளை தனியாகத் தெரிந்திருக்கிறது. பதினோராவது நாள் பெட்டி வீட்டுக்கே திரும்பி வந்தது, ஜாடியின் கழுத்தில் விரிசலோடு. தப்பு என்னுடையதுதான்.

அதற்குப் பிறகுதான் விதியைப் பொறுமையாகப் படித்தேன். உள்ளே இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும், ஆபத்தான சரக்குக்குத் தரும் ஐ.நா. எண் என்னவோ ஒன்றுதான், UN3481. ஆனால் விமானச் சரக்கு விதிகளில் உள்ளே பொருத்தியதற்கு 967 என்ற பேக்கிங் கட்டளையும், கூட வைத்ததற்கு 966 என்ற கட்டளையும் தனித்தனியாக இருக்கின்றன. என்னைப் போல ஒவ்வொரு பெட்டியாக அனுப்புகிறவருக்கு அந்த வித்தியாசம் பெரியது.

செல் உள்ளே பொருத்தியிருந்து, ஒரு பெட்டியில் நான்கு செல்லுக்கு மேல் இல்லாமல், ஒரே அனுப்புதலில் இரண்டு பெட்டிக்கு மேல் போகாமல் இருந்தால், சிவப்புக் கோடு போட்ட அந்த லித்தியம் பேட்டரி முத்திரையை ஒட்ட வேண்டியதில்லை. தனியாகக் கூட வைத்தால் இந்தச் சலுகை கிடையாது. ஒரே ஒரு செல் என்றாலும் முத்திரை வேண்டும். போதாததற்கு 2026 ஜனவரி முதல், கூட வைத்து விமானத்தில் போகும் செல்லில் சார்ஜ் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது (2.7 வாட் அவருக்கு மேற்பட்ட செல்களுக்கு). ஒவ்வொரு செல்லையும் அளந்து வைப்பது சின்ன வியாபாரத்துக்குக் கட்டுப்படியாகிற வேலை இல்லை. உள்ளே பொருத்தியதற்கு அந்த அளவு பரிந்துரை மட்டும்தான்.

இந்தச் சலுகையெல்லாம் சின்ன செல்லுக்குத்தான். எல்லை ஒரு செல்லுக்கு 20 வாட் அவர். கணக்கு எளிது: வோல்ட்டை ஆம்பியர் அவரால் பெருக்க வேண்டும். என் விளக்கில் இருப்பது 18650 அளவு செல், 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் அவர்.

```
3.7 × 2.0 = 7.4 Wh
```

எல்லைக்கு வெகுவாகக் கீழேதான். லிஸ்டிங்கில் செல் எண்ணிக்கை 1, ஆற்றல் 7.4, வகை லித்தியம் அயான், உள்ளே பொருத்தியது என்று நான்கையும் நிரப்பினேன். கூடவே, போக்குவரத்துக்கான பாதுகாப்புச் சோதனைகளில் செல் தேறியதைக் காட்டும் UN 38.3 சோதனைச் சுருக்கத்தைத் தயாரிப்பாளரிடம் வாங்கி வைத்துக்கொண்டேன். அதைத் தர மறுக்கிற இடத்தில் செல் வாங்குவதில்லை.

உள்ளே பொருத்துவதில் நிரந்தரமான வேலை ஒன்று இருக்கிறது. ஒருமுறை நிரப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. ஆறு மாதம் கழித்து அதே கடையில் 2000 தீர்ந்து 2600 செல் வந்தது. விளக்கு இன்னும் அதிக நேரம் எரிகிறது என்று சந்தோஷமாக விளக்கத்தில் 2600 என்று மாற்றினேன், ஆற்றல் கட்டத்தில் 7.4 அப்படியே நின்றுவிட்டது. இருக்க வேண்டியது 9.62. இரண்டுமே 20-க்குக் கீழேதான், ஆபத்து ஒன்றும் கூடவில்லை. ஆனால் விளக்கம் ஒன்று சொல்ல, கட்டம் வேறொன்று சொல்ல, விற்பனைத் தளம் பொருளை ஆய்வுக்கு நிறுத்திவிட்டது. செல்லின் உடம்பில் அச்சிட்ட ஆற்றல் அளவைப் படம் எடுத்து அனுப்பிய பிறகுதான் விடுதலை. இப்போது புதுச் செல் வந்தால் முதலில் அதன் மேல் இருக்கும் எண்ணைப் படிக்கிறேன், அப்புறம் தலைப்பு, விளக்கம், கட்டம், சோதனைச் சுருக்கம் நான்கையும் அதோடு ஒத்துப் பார்க்கிறேன். பத்து நிமிடம் ஆகும்.

இன்னொன்று, விளக்கு வழியில் தானாக எரியக் கூடாது. என் முதல் மாதிரியில் தொடு சுவிட்ச் இருந்தது. பஞ்சு அழுத்தினாலே எரிந்தது, பெட்டியைத் திறந்தபோது ஜாடி வெதுவெதுப்பாக இருந்தது. தள்ளு சுவிட்சுக்கு மாறி, அதன் மேல் சின்ன அட்டைத் துண்டு ஒட்டுகிறேன்.

உடையும் பொருள் என்று குறிப்பதால் மட்டும் சரக்கு நிற்காது. அங்கே சிக்கல் அளவில் வருகிறது. விளக்கின் எடை 1.2 கிலோதான். ஆனால் பெட்டிக்குள் பெட்டி வைத்தால் வெளியளவு 30 × 25 × 25 செ.மீ. அதைப் பெருக்கி, பல கூரியர்கள் வழக்கமாக வகுக்கிற 5000-ஆல் வகுத்தால் 3.75 கிலோ வருகிறது, கட்டணம் அந்த எடைக்குத்தான். லிஸ்டிங்கில் ஜாடியின் அளவை எழுதாமல் கட்டி முடித்த பெட்டியின் அளவை எழுதுங்கள்.

பேட்டரி போலவே விமானத்தில் கேள்வி எழுப்புகிற இன்னொரு பொருள் திரவம், அதில் எனக்கு நேரடி அனுபவம் குறைவு. ஆம்பூரில் தோல் பராமரிப்பு லோஷன் விற்கும் நண்பருக்கு உதவியதோடு சரி. அங்கே வேலை முழுக்கப் பாதுகாப்புத் தரவுத் தாளில்தான். 9-ஆம் பகுதியில் flash point என்கிற தீப்பற்றும் வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கிறதா, 14-ஆம் பகுதியில் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கிறதா என்று பார்த்தோம். தண்ணீர் கலந்த லோஷன் தேறியது. கரைப்பான் கலந்த சாயம் தேறவில்லை, அதைத் தரைவழிக்கு மட்டும் ஒதுக்கினார்.

மூன்றாவது வழி, செல்லே இல்லாமல் விற்பது, தடை என்ற கணக்கில் மட்டும் பார்த்தால் எல்லாவற்றையும் ஜெயிக்கிறது. பேட்டரி தேவை, பெட்டியில் இல்லை என்று இரண்டு கட்டங்களையும் சரியாக நிரப்பினால் கேள்வியே வராது. ஒரு மாதம் அப்படி இருபது விளக்கு விற்றுப் பார்த்தேன். மூன்று திரும்பி வந்தன, காரணம் ‘எரியவில்லை’. பேட்டரி போட வேண்டும் என்று முதல் படத்திலேயே எழுதியிருந்தும் யாரும் படிக்கவில்லை. மாதம் ஐந்தாறு விற்பவர் என்றால் நானும் இதையே சொல்வேன். நாற்பது ஐம்பது போகும்போது, செல் மாறினால் பத்து நிமிடம் செலவழிப்பது எனக்கு லாபம். வெளிநாட்டுக்கு நான் இன்னும் ஒரு விளக்குகூட அனுப்பியதில்லை, மேலே சொன்னதெல்லாம் உள்நாட்டு அனுபவம்.