இரண்டரை லட்சத்தைத் தாண்டும் பி.எஃப் பணம்: அங்கேயே விடுவதா, பி.பி.எஃப் பக்கம் திருப்புவதா?

என்னுடன் பணிபுரியும் நண்பருக்கு அடிப்படைச் சம்பளம் மாதம் 1,20,000 ரூபாய். அதில் 12 சதவீதம், அதாவது 14,400 ரூபாய், அவர் பங்காக பி.எஃப் கணக்குக்குப் போகிறது. ஓய்வுக்காலத்தை நினைத்து, விருப்பப் பங்களிப்பாக மாதம் 15,600 ரூபாய் சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். மொத்தம் மாதம் 30,000, ஆண்டுக்கு 3,60,000. "வட்டிக்கு வரி போட்டுவிடுவார்கள், நிறுத்திவிடு" என்று ஒருவர் சொல்ல, "வரி போனாலும் எட்டேகால் சதவீதம் வேறெங்கே கிடைக்கும்?" என்று இன்னொருவர் சொல்ல, அவர் குழம்பிப்போய் என்னிடம் வந்தார். இருவர் சொன்னதிலும் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது.

முதலில் விதி. 2021 ஏப்ரல் 1 முதல், ஊழியர் தன் பங்காக ஓர் ஆண்டில் செலுத்தும் தொகை இரண்டரை லட்சத்தைத் தாண்டினால், தாண்டிய பகுதிக்குக் கிடைக்கும் வட்டிக்கு வரி உண்டு. நிறுவனம் பங்களிக்காத, அரசு ஊழியர்களின் பொது வைப்பு நிதி போன்றவற்றுக்கு இந்த வரம்பு ஐந்து லட்சம். நிறுவனம் செலுத்தும் பங்கு இந்த இரண்டரை லட்சத்தில் சேராது. பலர் இரண்டையும் கூட்டிப் பார்த்துவிட்டுத் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். நிறுவனத்தின் பங்குக்கு வேறு வரம்பு: பி.எஃப், என்.பி.எஸ், சூப்பரானுவேஷன் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏழரை லட்சம். நண்பரின் சம்பளத்தில் அந்த வரம்பு வெகு தொலைவில் இருக்கிறது.

வரிக்காக உங்கள் பி.எஃப் கணக்கு இரண்டு பிரிவாகப் பராமரிக்கப்படுகிறது என்பதைத்தான் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று வரியில்லாத பிரிவு, மற்றொன்று வரிக்குரிய பிரிவு. 2021 மார்ச் 31 வரை சேர்ந்த பணமும், அதன்பின் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் வரையிலான உங்கள் பங்கும், நிறுவனத்தின் பங்கும், இவற்றுக்கான வட்டியும் முதல் பிரிவில் இருக்கும். மிச்சமும் அதன் வட்டியும் இரண்டாவதில் விழும். அங்கே விழுந்த பணம், நீங்கள் எடுக்கும்வரை அங்கேயே இருக்கும். அடுத்த ஆண்டு விருப்பப் பங்களிப்பை நிறுத்தினாலும், ஏற்கெனவே அங்கு கிடக்கும் தொகையின் வட்டிக்கு ஆண்டுதோறும் வரி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

நண்பர் கணக்கில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். ஏப்ரலிலிருந்து மாதம் 30,000 போகும்போது, எட்டு மாதத்தில் 2,40,000 ஆகிவிடும். ஒன்பதாவது மாதப் பணத்தில் 10,000 மட்டும் வரம்புக்குள் அடங்கும்; 20,000 வரிக்குரிய பிரிவுக்குப் போகும். கடைசி மூன்று மாதப் பணம் முழுவதும் அங்கேதான். ஆக 1,10,000. ஆண்டின் இறுதியில் சேர்ந்த பணம் என்பதால், 8.25 சதவீதத்தில் (2024-25க்கான விகிதம்) முதல் ஆண்டு வரிக்குரிய வட்டி சுமார் 1,031 ரூபாய்தான். இதைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று அலட்சியமாக இருந்துவிடுவார்கள். இரண்டாம் ஆண்டு அதே பங்களிப்பு தொடர்ந்தால் 10,191. மூன்றாம் ஆண்டு சுமார் 20,107. வருடத்துக்கு ஏறத்தாழ பத்தாயிரம் வீதம் ஏறும் இந்தத் தொகை மற்ற வருமானத்தோடு சேர்ந்து, உங்கள் விகிதப்படி வரிக்கு உள்ளாகும்.

இனி ஒப்பீடு. நண்பர் 30 சதவீத விகிதத்தில் இருக்கிறார். செஸ் சேர்த்து 31.2 சதவீதம். வரம்புக்குள் உள்ள பி.எஃப் பணத்துக்கு 8.25 சதவீதம் முழுசாகக் கிடைக்கிறது. இதற்கு நிகராக வேறொன்றும் என் கண்ணில் படவில்லை. வரம்பைத் தாண்டிய பணத்துக்கு வரி போகக் கையில் நிற்பது சுமார் 5.68 சதவீதம். பொது வருங்கால வைப்பு நிதி எனும் பி.பி.எஃப் 2020 ஏப்ரலிலிருந்து 2024-25 வரை 7.1 சதவீதமே தந்திருக்கிறது, வட்டிக்கு வரியே இல்லை. வங்கி வைப்பு 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் வரி போக 4.8 தான் மிஞ்சும். ஆகவே வரம்பைத் தாண்டிய பி.எஃப், வங்கி வைப்பைவிட மேல், பி.பி.எஃப்பைவிடக் கீழ்.

வரி விகிதம் குறைந்தவருக்கு இந்த வரிசை மாறும். இந்த வட்டி விகிதங்களில், செஸ் சேர்த்து வரி சுமார் 14 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் வரம்பைத் தாண்டிய பி.எஃப்பே பி.பி.எஃப்பை முந்தும். ஆனால் இரண்டரை லட்சத்தைத் தொடும் அளவுக்குச் சம்பளம் இருப்பவர்களில் பெரும்பாலானோர் அந்த நிலையில் இல்லை.

எனவே அவருக்கு நான் சொன்னது: மாதம் 15,600 என்பதை மாற்ற வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள். மாதம் 20,833 ரூபாய் வரை பி.எஃப்பில் போகட்டும், அதாவது விருப்பப் பங்களிப்பு 6,433 மட்டும். மிச்சம் 9,167 ரூபாயை பி.பி.எஃப்பில் போடுங்கள். ஆண்டுக்கு 1,10,000 ரூபாய், பி.பி.எஃப்பின் ஒன்றரை லட்ச வரம்புக்குள் நன்றாக அடங்குகிறது. ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதிக்குள் கட்டினால்தான் அந்த மாத வட்டி அந்தப் பணத்துக்குக் கிடைக்கும் என்பதை மறக்காதீர்கள். பதிலுக்கு நீங்கள் விட்டுக்கொடுப்பது எளிதில் எடுக்கும் வசதியை: பி.பி.எஃப்பின் காலம் 15 ஆண்டு, இடையில் எடுக்கக் கட்டுப்பாடுகள் உண்டு. நான்கைந்து ஆண்டில் வீடு வாங்கப் பணம் தேவைப்படுகிறவருக்கு இந்தப் பூட்டு உண்மையான இடைஞ்சல். அவருக்கு நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

இந்தத் திட்டம் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: நடு ஆண்டுச் சம்பள உயர்வு. விருப்பப் பங்களிப்பை 6,400 என்று வைத்தால் மொத்தம் மாதம் 20,800, ஆண்டுக்கு 2,49,600, பத்திரமாகத் தெரியும். ஜூலையில் அடிப்படைச் சம்பளம் 1,35,000 ஆனால், 12 சதவீதம் 16,200 ஆகிவிடும். மாதம் 1,800 வீதம் ஒன்பது மாதத்துக்கு 16,200 கூடி, மொத்தம் 2,65,800. சத்தமில்லாமல் 15,800 ரூபாய் வரிக்குரிய பிரிவில் விழுந்துவிடும். பல நிறுவனங்களில் விருப்பப் பங்களிப்பை ஆண்டில் ஓரிரு முறை மட்டுமே மாற்ற முடியும் என்பதால், உயர்வு எதிர்பார்க்கும் ஆண்டில் ஏப்ரலிலேயே சற்றுக் குறைத்து வைப்பது நல்லது.

வரி பிடித்தம் பற்றியும் ஒரு வார்த்தை. வரிக்குரிய வட்டி 5,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பார்கள். பான் எண் இணைக்காதவர்களுக்கு 20 சதவீதம். பிடித்தம் இல்லாததால் வரி இல்லை என்று ஆகாது. நண்பரின் முதல் ஆண்டு 1,031 ரூபாய்க்கு டிடிஎஸ் வராது, ஆனாலும் கணக்கில் காட்ட வேண்டும். அதோடு, பி.எஃப் வட்டி மார்ச் முடிந்து சில மாதங்கள் கழித்தே வரவாவது வழக்கம். அதனால் டிடிஎஸ் அடுத்த ஆண்டுக் கணக்கில் போய்ச் சேரக்கூடும். ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது, பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் எதுவும் தெரியவில்லையே என்று விட்டுவிடாமல், பாஸ்புக்கில் உங்கள் பங்கு மட்டும் உள்ள வரிசையை மாதவாரியாகக் கூட்டி, எந்த மாதத்தில் இரண்டரை லட்சம் தாண்டியது என்று கண்டுபிடித்து, அந்த வட்டியை நீங்களே கணக்கிட்டுக் காட்டுங்கள்.